வாரத்திற்கு ஒரு பாட்டில்

எங்கள் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கோப்பில் நான்கு பக்க அறிக்கை ஒன்று இருக்கிறது. எழுதியவள் நான். கை சுத்தம் குறித்துச் செவிலியர்களுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் நடத்திய பயிற்சி எவ்வாறு அமைந்தது என்பதை நான்கு நிலைகளில் அளந்து எழுதிய அறிக்கை அது. பயிற்சியைப் பற்றிப் பங்கேற்றவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.7. பயிற்சிக்கு முன் 61 ஆக இருந்த தேர்வுச் சராசரி பயிற்சிக்குப் பின் 93. வார்டுகளில் கவனித்தபோது கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 82 விழுக்காட்டில் செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில், சிறுநீர்க் குழாய் வழி வரும் தொற்று பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கீகாரத் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கங்களை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, மற்றத் துறைகளும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் அன்று மாலை என்னை அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பதினோரு ஆண்டுப் பணியில் அது முதல் தடவை.

அந்த மகிழ்ச்சி எனக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நான் தினமும் வார்டுகளைச் சுற்றி வருபவள். 82 விழுக்காடு என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் என் கண் முன்னே கையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்ததோ, ஒரு படுக்கையில் ரத்த அழுத்தம் பார்த்த கையோடு அடுத்த படுக்கையின் டிரிப்ஸைத் திருகுகிற காட்சியைத்தான். ஆண்கள் மருத்துவ வார்டில், கையில் தேய்க்கும் சானிடைசரான ஹேண்ட் ரப் பாட்டிலை நான் அழுத்திப் பார்த்த நாட்களில் பாதி நாள் அது காலி. எண் ஒன்று சொல்லியது. கண் வேறொன்று சொல்லியது. அறிக்கை எழுதியவளே அதைச் சந்தேகிப்பது சங்கடமான காரியம். ஆனாலும் விட முடியவில்லை.

பயிற்சியை நான்கு கோணங்களில் மதிப்பிடும் இந்த முறை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959 இறுதியில் தொடங்கி எழுதிய நான்கு கட்டுரைகளிலிருந்து வந்தது. பயிற்சி பெற்றவருக்கு அது பிடித்ததா, அவர் எதையாவது கற்றாரா, வேலையிடத்தில் அவர் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்திற்கு ஏதேனும் விளைவு ஏற்பட்டதா என்பவை அந்த நான்கு. எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு. படிப்பதற்கு எளிது என்பதாலேயே உலகம் முழுவதும் பரவியது. பரவும்போது ஓர் எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது: இது ஏணி, கீழ்ப்படியில் நன்றாக வந்தால் மேற்படிக்கும் அது போய்ச் சேரும் என்பது அந்த எண்ணம். நானும் அப்படித்தான் நம்பினேன். நான்கு படிகளிலும் நல்ல எண் வந்ததை நான்கு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்ததுபோல எடுத்துக்கொண்டேன். நான்கு சாட்சிகளையும் தயார் செய்தவள் நானே என்பது பிறகுதான் உறைத்தது.

ஸ்டோரின் பேரேடு

முடிச்சு அவிழ்ந்த இடம் ஸ்டோர். வேறொரு காரியமாக, கையுறைகளின் அளவு மாறி வந்திருந்ததைச் சொல்லப் போயிருந்தேன். ஸ்டோர் பொறுப்பாளர் பேரேட்டைப் புரட்டும்போது ஆண்கள் மருத்துவ வார்டின் பக்கம் கண்ணில் பட்டது. ஹேண்ட் ரப், 500 மில்லி, ஒன்று. அடுத்த வாரம், ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. பயிற்சிக்கு முந்தைய மாதங்களிலும் ஒன்று. பிந்தைய மாதங்களிலும் ஒன்று. ஏன் என்று கேட்டேன்.

“ஒரு வார்டுக்கு வாரம் ஒண்ணுதான் சிஸ்டர். ரெண்டு வருஷமா இதுதான் கணக்கு. கூட வேணும்னா மேடம் கையெழுத்து வேணும். யாரும் கேட்டதில்லையே.”

அங்கேயே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். ஒரு முறை கை முழுவதும் நனையத் தேய்ப்பதற்குச் சுமார் 3 மில்லி வேண்டும். அதற்குக் குறைந்தால் இருபது முப்பது வினாடி தேய்ப்பதற்குள் கை உலர்ந்துவிடும். 500 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 166 முறை தேய்க்கலாம். அதை ஏழு நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 24 முறை. அந்த வார்டில் சராசரியாக 26 நோயாளிகள் இருப்பார்கள். அதாவது ஒரு முழு நாளில், மூன்று ஷிப்டுகளிலும் சேர்த்து, ஒரு நோயாளிக்கு ஒரு முறைகூடக் கையைத் தேய்க்க அந்தப் பாட்டிலில் மருந்து இல்லை.

மறுபக்கம் என் அறிக்கையின் 82 விழுக்காடு. ஒரு நோயாளியைச் சுற்றி ஒரு நாளில் கை சுத்தம் தேவைப்படும் தருணங்கள் மிகக் குறைவாக வைத்தாலும் பத்தாவது இருக்கும். 26 பேருக்கு 260. அதில் 82 விழுக்காடு 213. ஒவ்வொன்றுக்கும் 3 மில்லி என்றால் நாளொன்றுக்கு 640 மில்லி. ஒரு வாரத்திற்குக் கொடுத்த பாட்டில் ஒரு நாளுக்கே போதாது. குழாயடியில் சோப்பால் கழுவியிருப்பார்களே என்று கேட்கலாம். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். திரவ சோப்பும் அதே கணக்கில்தான் போயிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் ஹேண்ட் ரப் பயன்பாட்டுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: ஆயிரம் நோயாளி-நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர். ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி-நாள். எங்கள் வார்டில் வாரத்திற்கு 182 நோயாளி-நாட்கள். அரை லிட்டர் என்பது ஆயிரத்திற்கு 2.7 லிட்டர் ஆகிறது. அந்த அளவுகோலை எட்ட வாரத்திற்கு ஏழு பாட்டில்களுக்கு மேல் போயிருக்க வேண்டும். இந்த எண்ணை நான் பயிற்சி வகுப்புகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் பேரேட்டோடு வைத்துப் பார்த்ததில்லை.

அந்தத் துண்டுத்தாள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அறிக்கையின் நான்கு பக்கங்களையும் அந்த ஒரு தாள் செல்லாக்காசாக்கியது என்பது எனக்கு வருத்தம் தந்தது உண்மை. அதைவிட உறுத்தியது வேறொன்று. பயிற்சிக்குப் பின் அந்த வார்டுச் செவிலியர்கள் அனைவரும் நான் சொன்னபடியே நடக்க முயன்றிருந்தாலும் அவர்களால் முடிந்திருக்காது. மூன்றாம் நிலையில் அவர்கள் தேர்ச்சி பெறுவதற்கான வழியே இல்லாத வார்டில் நின்றுகொண்டு, அவர்கள் தேர்ச்சி பெற்றுவிட்டதாக நான் எழுதியிருக்கிறேன்.

நான்கு எண்களும் எப்படிப் பிறந்தன

பிறகு ஒவ்வொரு எண்ணாக எடுத்து, அது எப்படிப் பிறந்தது என்று பார்த்தேன். மேலிருந்து கீழாகவே பார்க்கிறேன், ஏனென்றால் பெருமை அதிகமாக இருந்தது மேலேதான்.

தொற்று பாதியாகக் குறைந்தது என்ற எண்ணின் கதை இது. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் சிறுநீர்க் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள். பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதங்களில் 690 குழாய்-நாட்களுக்கு ஆறு தொற்றுகள், ஆயிரத்திற்கு 8.7. பிந்தைய மூன்று மாதங்களில் 710 குழாய்-நாட்களுக்கு மூன்று, ஆயிரத்திற்கு 4.2. விகிதமாக எழுதும்போது கம்பீரமாக இருக்கிறது. உண்மையில் நடந்தது ஆறு மூன்றானது. மொத்தம் ஒன்பது தொற்றுகள் முன்பாதி, பின்பாதி என்று தற்செயலாகவே விழுந்திருந்தாலும் இப்படி விழுமா என்பதைக் காசு சுண்டிப் பார்க்கலாம். ஒன்பது காசுகளைச் சுண்டினால் ஆறுக்கு மூன்று அல்லது அதைவிட ஏறுமாறாக விழுவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். அதாவது பயிற்சியே நடக்காத மருத்துவமனையிலும் இரண்டு காலாண்டுகளை ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி நேரம் இத்தகைய ‘முன்னேற்றம்’ அல்லது ‘சரிவு’ தென்படும். இதோடும் நிற்கவில்லை. தொற்று என்று கணக்கில் வருவதற்குச் சிறுநீர் கல்ச்சர் அனுப்ப வேண்டும். முந்தைய காலாண்டில் 94 கல்ச்சர்கள் போயிருந்தன, பிந்தையதில் 51. ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் வேலையை விட்டுப் போயிருந்தார், புதியவர் வரும் வரை அவசரமில்லாததை அனுப்ப வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். தேடுவது குறைந்தால் கிடைப்பதும் குறையும். விளைவு நிலையை அளக்கிறவர்கள் விளைவோடு சேர்த்து, அந்த விளைவைக் கண்டுபிடிக்கும் வேலை அதே அளவில் நடந்ததா என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதை நான் அந்தக் கல்ச்சர் பதிவேட்டிலிருந்துதான் கற்றேன்.

நடத்தை நிலையின் 82 விழுக்காட்டுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கவனிப்புப் படிவத்தைத்தான் பயன்படுத்தினோம். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய சூழலுக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்ற ஐந்து தருணங்களில், எத்தனை வாய்ப்புகள் இருந்தன, எத்தனையில் கை சுத்தம் நடந்தது என்று குறிக்க வேண்டும். படிவத்தில் குற்றமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அந்தந்த வார்டின் செவிலியர்களே. நேரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடிந்து வார்டு சற்று மூச்சு விடும் நேரம். கவனிப்பவர் கையில் பச்சை அட்டை இருக்கும், எல்லாருக்கும் தெரியும். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் ஒழுங்காகவே இருப்பார்கள். அதற்கும் மேல், பக்கத்து டியூட்டியில் நாளை நிற்கப் போகிற தோழியின் பெயருக்கு நேரே ‘தவறவிட்டார்’ என்று குறிக்க யாருக்கு மனம் வரும்? படிவத்தில் பெயர் எழுதும் பகுதி வேறு வைத்திருந்தோம். அது என் யோசனை.

கற்றல் நிலை பார்ப்பதற்கு மிகவும் உறுதியானது போலத் தெரியும், தேர்வு என்று ஒன்று இருப்பதால். பத்துக் கேள்விகள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே பத்து. நடுவில் இரண்டு மணி நேரம், அந்தப் பத்துக்கும் விடை சொல்லும் வகுப்பு. பிற்பகலில் 93 வராமல் என்ன செய்யும்? மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி அதே தாளைக் கொடுத்தபோது சராசரி 74க்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியம், கேள்விகள் எதைக் கேட்டன என்பது. ‘ஐந்து தருணங்கள் எவை?’ என்று கேட்டால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். ‘படுக்கை ஏழில் உள்ளவரின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, அவருடைய வென்ஃப்ளானில் ஊசி போடப் போகிறீர்கள்; நடுவில் கை சுத்தம் வேண்டுமா?’ என்று கேட்டபோது பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள், ஒரே நோயாளிதானே என்று. அது சுத்தமான செயல்முறைக்கு முந்தைய தருணம். வென்ஃப்ளான் ரத்தக்குழாய்க்குள் நேரே போகும் வழி. ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கே அது எங்கே வருகிறது என்று தெரியவில்லை. கை தேய்க்கும் முறையிலும் இதே கதைதான். படிகளை வரிசை மாறாமல் செய்து காட்டினார்கள். ஒளிரும் திரவத்தைத் தேய்க்கச் சொல்லி புற ஊதா விளக்கின் கீழ் கையை நீட்டச் சொன்னபோது கட்டைவிரலும் விரல் நுனிகளும் பலருக்கு இருட்டாகவே இருந்தன.

கடைசியாக 4.7. மதிய உணவு நன்றாக இருந்த நாள் அது. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். டியூட்டியிலிருந்து இரண்டு மணி நேரம் விடுவித்திருந்தார்கள், ஏ.சி. அறை. விளையாட்டுகள் வைத்திருந்தேன். ஃபீட்பேக் ஃபாரத்தில் ‘பயிற்சியாளர் தெளிவாக விளக்கினாரா?’ என்று கேட்டிருந்தேன். நான் எதிரே நின்று வாங்கிக்கொண்டேன். ஆலிகரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி பிடித்திருந்ததா என்பதற்கும் கற்றதற்கும் இடையே ஏறக்குறைய எந்தத் தொடர்பும் தென்படவில்லை. வேலைக்குப் பயன்படும் என்று நினைக்கிறீர்களா என்ற கேள்விக்கு வந்த விடைகள் மட்டும் பின்னால் வேலையிடத்தில் நடந்ததோடு கொஞ்சம் ஒத்துப்போயின. என் ஃபாரத்தில் முதல் வகைக் கேள்வி ஒன்பது இருந்தது. இரண்டாம் வகை ஒன்றுகூட இல்லை.

இரவு டியூட்டியில்

எதையாவது திருத்துவதற்கு முன் உண்மையான எண் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். மேடத்திடம் பேரேட்டுக் கணக்கைக் காட்டினேன். முகம் சுருங்கியது, ஆனாலும் தடுக்கவில்லை. வார்டுச் செவிலியர்களிடம், அடுத்த சில வாரங்களில் நான் வந்து உட்கார்வேன், பெயர் எழுத மாட்டேன், எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவைத்தேன். கேஸ் ஷீட்களைச் சரிபார்ப்பதுபோல உட்கார்ந்து, ஒரு தடவைக்கு இருபது நிமிடம், காலை, மாலை, இரவு என்று மாற்றி மாற்றி மூன்று வாரங்கள். ஒரு வார்டுக்கு ஒரு சுற்றில் 200 வாய்ப்புகளாவது பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனக்கு 206 கிடைத்தன. அவற்றில் 79 இடங்களில் கை சுத்தம் நடந்தது. 38 விழுக்காடு. அந்த 79இல் பெரும்பாலானவை ஹேண்ட் ரப் அல்ல, குழாயடியில் போட்ட அவசரக் கழுவல். அதில் எத்தனை பேர் நாற்பது வினாடி நின்றார்கள் என்பதை நான் எழுதவில்லை.

இந்த 38ஐ ஒரே எண்ணாக வைத்திருந்தால் எனக்குப் பயன்பட்டிருக்காது. தருணம்வாரியாகப் பிரித்ததும் வேறு படம் தெரிந்தது. ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின் நான்கில் மூன்று பேர் கழுவினார்கள். சுத்தமான செயல்முறைக்கு முன், அதாவது ஊசி, டிரிப்ஸ், புண் கட்டு ஆகியவற்றுக்கு முன், 34 வாய்ப்புகளில் ஏழே இடத்தில்தான். முதலாவது தன்னைக் காத்துக்கொள்ளும் கழுவல். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை, அருவருப்பே போதும். இரண்டாவது எதிரில் படுத்திருப்பவரைக் காக்கும் கழுவல். கை பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும் நேரத்தில் அதைச் செய்ய வேண்டும்.

ஓர் இரவு பத்து மணிக்கு ஆன்டிபயாட்டிக் ஊசிகள் போகும் நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத செவிலியர், டிராலியைத் தள்ளிக்கொண்டு பதினொரு நோயாளிகளுக்கு ஊசி போட வேண்டும். பாட்டில் வாசலை ஒட்டிய சுவரில். முதல் இரண்டு படுக்கைகளுக்கு நடந்து போய் அழுத்தினாள். மூன்றாவதற்குப் போனபோது பாட்டில் சீறியது, ஒன்றும் வரவில்லை. பிறகு கையுறை மாட்டிக்கொண்டாள். அதே கையுறையோடு மற்ற ஒன்பது படுக்கைகளும் முடிந்தன. எல்லாம் முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர், நீங்க பார்த்துட்டுதான் இருந்தீங்க. மறந்து போய் செய்யாம விடல. பாட்டில் டிராலியில இருந்தா நானே போட்டிருப்பேன்.”

“கையுறையை ஏன் மாத்தல?”

“கையுறை போட்டா கை சுத்தம்தானே சிஸ்டர்?”

அவளுடைய இரண்டு விடைகளும் என் மண்டையில் தனித்தனி அறைகளில் போய் உட்கார்ந்தன. முதலாவதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது; ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தால்தான் முடியும். இரண்டாவதைப் பாட்டிலால் தீர்க்க முடியாது. அது அறியாமை, அதற்குத்தான் பயிற்சி. நடத்தை மாறவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றாகக் குழைந்து, வழக்கம்போல ‘மறுபயிற்சி தேவை’ என்ற பரிந்துரையில் போய் முடிந்திருக்கும். கிர்க்பாட்ரிக்கும் இதைத் தவறவிட்டவர் அல்லர். வேலையிடச் சூழல் இடம் கொடுக்காவிட்டால் கற்றது நடத்தையாகாது என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை விட்டுவந்தவர்கள் நாங்கள்.

பாட்டில் முதலில், வகுப்பு பிறகு

அடுத்த முறை இரண்டையும் ஒன்றாகச் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சேர்த்துச் செய்தால் வேகமாக நடக்கும். ஆனால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 1994இல் 48 விழுக்காடாக இருந்த கை சுத்தம் 1997இல் 66 ஆனதும், அதே காலத்தை ஒட்டி மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9க்கு இறங்கியதும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவருக்கும் பாடம். டிடியே பிட்டேயும் அவருடைய குழுவினரும் அங்கே படுக்கையருகே ஹேண்ட் ரப் வைத்தார்கள், சுவரொட்டிகள் ஒட்டினார்கள், கவனித்த முடிவுகளை வார்டுகளுக்கே திருப்பிச் சொன்னார்கள், நிர்வாகத்தையும் பின்னால் நிற்க வைத்தார்கள். எல்லாம் சேர்ந்த பலன் அது. அதிலிருந்து வகுப்பின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை, அவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. எனக்குத் தேவையாக இருந்தது. ஏனென்றால் ஆண்டுதோறும் வகுப்பு எடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஆண்கள் மருத்துவ வார்டில் முதலில் பாட்டில்கள் மட்டும். இரண்டு படுக்கைகளுக்கு ஒன்றாகக் கட்டில் முனையில் மாட்டும் 100 மில்லி பாட்டில்கள், மருந்து டிராலியில் ஒரு பெரிய பாட்டில், வாரந்தோறும் தேவைக்கு நிரப்பிக்கொள்ள அனுமதி. ஒரு வகுப்பும் இல்லை. ஆறு வாரம் கழித்துக் கவனித்தேன். மொத்தம் 49 விழுக்காடு. பதினொரு புள்ளி ஏற்றம், ஒரு வார்த்தை பேசாமல். ஆனால் ஏறியது எங்கே என்று பார்த்தால், நோயாளியைத் தொட்டபின், சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்ற ‘பின்’ தருணங்களில்தான். ஊசிக்கு முந்தைய தருணம் நான்கில் ஒன்றிலேயே நின்றது. கையுறை நம்பிக்கையும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு வகுப்பு. ஏ.சி. அறை இல்லை, பாயசம் இல்லை. டியூட்டி மாறும் நேரத்தில் வார்டிலேயே, ஒரு படுக்கையருகே, இருபது நிமிடம், ஒரு வாரம் மூன்று ஷிப்டுக்கும். ஒரே பொருள்: சுத்தமான செயல்முறைக்கு முந்தைய தருணமும் கையுறையும். டிராலியோடு நின்று, ஊசி மருந்து எடுப்பதிலிருந்து வென்ஃப்ளான் மூடியைத் திறப்பது வரை செய்யச் சொல்லி, எந்த நொடியில் கை தேய்க்க வேண்டும் என்று அவர்களையே நிறுத்திக் காட்டச் சொன்னேன். ஒளிரும் திரவத்தைக் கையுறை மேல் தடவி, மூன்று படுக்கைகளைத் தொடச் சொல்லிவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினேன். மூன்று கட்டில் கம்பிகளும் மின்னின. இந்த வகுப்புக்குக் கிடைத்த மதிப்பெண் 3.6. ‘டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் நிற்க வைக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் உட்கார்ந்தேன். மொத்தம் 59. ஊசிக்கு முந்தைய தருணத்தில் 35க்கு 19. ஒரே கையுறையில் வரிசையாகப் போவது அறவே நின்றதாகச் சொல்ல மாட்டேன்; எண்ணிக்கொள்ளும் அளவுக்கு அரிதாயிற்று. வாரத்திற்கு இரண்டரை லிட்டர் போயிற்று, ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு ஏறத்தாழ 14 லிட்டர். இதில் பார்வையாளர்கள் அழுத்தியது, சிந்தியது, யாரோ வீட்டுக்குக் கொண்டுபோன இரண்டு பாட்டில்கள் எல்லாம் அடக்கம். அதனால் இந்த எண்ணை மட்டும் தனியாக நான் நம்புவதில்லை. கவனித்த எண்ணோடு சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்றுதான் பார்க்கிறேன். பழைய அறிக்கையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஸ்டோருக்குப் போக வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒரே ஒரு வார்டில், ஒரே ஒருத்தி கவனித்தது இது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வார்டை வைத்திருக்கவில்லை. அந்த மாதங்களில் வேறெதுவும் மாறவில்லை என்று என்னால் ஆணையிட முடியாது. டாக்டர்கள் வகுப்புக்கு வரவில்லை. ஜெனிவாவிலும் செவிலியர்களிடம் கண்ட ஏற்றம் மருத்துவர்களிடம் காணப்படவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தொற்று விகிதம் பற்றி இந்த முறை அறிக்கையில் ஒரு வரிதான் எழுதினேன்: எண்ணிக்கை சிறியது, குறைந்தது ஒரு வருடம் கல்ச்சர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல இயலாது. மேடம் அதைப் படித்துவிட்டு, தணிக்கைக்கு வருகிறவர்களிடம் இதை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். எதிர்வினை குறைந்திருக்கிறது, விளைவு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, போன வருடத்தைவிடப் பின்னால் போனதுபோல இருக்கிறதே என்றார். பழைய எண்களின் மேல் நானே கோடு போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு அறிக்கைகளும் ஒரே கோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இந்த முறை டீ இல்லை.

ஃபீட்பேக் ஃபாரத்தை மட்டும் முழுதாக மாற்றிவிட்டேன். ஒன்பது கேள்விகளும் போய்விட்டன. இப்போது இருப்பது ஒரே கேள்வி: நாளைய டியூட்டியில் இதை எந்த இடத்தில் செய்ய முடியாமல் போகும், ஏன்? பெயர் எழுத வேண்டாம், நான் எதிரே நிற்பதும் இல்லை. நர்சிங் ஸ்டேஷனில் ஒரு பழைய மருந்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். பாதித் தாள்கள் வெறுமையாகத்தான் வருகின்றன. சென்ற வாரம் பிரித்த தாள்களில் ஒன்றில், படுக்கை பதினான்கின் கட்டில் கம்பி மற்றவற்றைவிடத் தடிமன், அதனால் பாட்டில் மாட்டும் கொக்கி நிற்பதில்லை, நோயாளியை எழுப்பி உட்கார வைக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டில் கீழே விழுகிறது, விழுந்த பாட்டிலை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பெரிய கொக்கி வரும் வரை அந்தப் பாட்டில் கட்டுத்துணியால் கட்டித் தொங்குகிறது.